எல்லாருக்கும் 18 வீதம்தானே, இதில் எங்கே அநியாயம்?

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன வாரம் நம்மூர்க் கடையொன்றில் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு முதலாளிக் காக்கா ஒரு கேள்வி கேட்டார். நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பொருளியல் படிப்பிப்பவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் எனக்கு வருவது வழக்கம்.

"சேர், வற் வரி ஏழைக்குக் கூடப் பாரம் எண்டு எல்லாரும் சொல்லுறாங்க. எனக்கு அது விளங்கல்ல. வரி எல்லாருக்கும் 18 வீதம்தானே? பணக்காரன் கூடச் செலவழிக்கிறான், கூட வரி கட்டுறான். ஏழை குறையச் செலவழிக்கிறான், குறையக் கட்டுறான். இதவிட நியாயமான வரி வேற என்ன இருக்கு?"

கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. அவர் சொன்னதில் ஒரு வசனம்கூடப் பிழை இல்லை. பணக்காரர் உண்மையிலேயே கூட ரூபாய் கட்டுகிறார். அப்படியிருந்தும் பாரம் ஏழைக்குத்தான் கூட. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும் என்பதுதான் விசயம். கடையில் நின்றபடி பத்து நிமிடத்தில் சொன்னதை இங்கே கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில், பாரத்தை எதால் அளப்பது? நூறு கிலோ மூடையை ஒருவர் தூக்குகிறார், இருபது கிலோ மூடையை இன்னொருவர் தூக்குகிறார். யாருக்குப் பாரம் கூட என்று மூடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தூக்குகிறவர் நாட்டாமையா, பத்து வயதுப் பிள்ளையா என்றும் பார்க்க வேண்டும். வரியிலும் அப்படித்தான். கட்டிய ரூபாயை, கட்டியவருடைய வருமானத்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். நூறு ரூபாய் உழைப்பில் வரியாகப் போனது எத்தனை ரூபாய்? வருமானம் கூடக் கூட அந்தப் பங்கு கூடினால் அது வளர்வீத வரி. எல்லாருக்கும் ஒரே பங்காக இருந்தால் விகிதசம வரி. வருமானம் கூடக் கூடப் பங்கு குறைந்தால் தேய்வீத வரி. பாடப்புத்தகத்தில் மூன்று பக்கம் வருகிற விசயம் இவ்வளவுதான். சட்டத்தில் எத்தனை வீதம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து இந்தப் பெயர்களை வைப்பதில்லை. வருமானத்தில் எவ்வளவு போகிறது என்பதைப் பார்த்துத்தான் வைக்கிறோம். காக்காவின் கேள்வியில் சிக்கல் விழுவது இந்த இடத்தில்தான்.

வளர்வீத வரிக்கு நம் நாட்டில் நல்ல உதாரணம் சம்பளத்தில் வெட்டும் வருமான வரி. இதைப் பற்றி ஆசிரியர் ஓய்வறையிலேயே பிழையான கதைகள் உலாவுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் இருந்து நடைமுறைக்கு வந்த கணக்கின்படி, வருடத்துக்கு 18 இலட்சம் வரை, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம் வரை, வரி இல்லை. அதற்கு மேல் வருகிற முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்த ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 வீதம். மிச்சம் எவ்வளவு இருந்தாலும் 36 வீதம்.

மாதம் 4 இலட்சம் சம்பளம் எடுக்கும் ஒருவரை எடுங்கள். வருடத்துக்கு 48 இலட்சம். அதில் 18 இலட்சத்தைக் கழித்தால் 30 இலட்சம். அதில் முதல் 10 இலட்சத்துக்கு 60,000 ரூபாய். அடுத்த 5 இலட்சத்துக்கு 90,000. அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 1,20,000. அடுத்ததுக்கு 1,50,000. கடைசி 5 இலட்சத்துக்கு 36 வீதப்படி 1,80,000. கூட்டினால் வருடத்துக்கு 6 இலட்சம், மாதத்துக்கு 50,000 ரூபாய். அவருடைய முழுச் சம்பளத்தில் அது 12.5 வீதம்.

"36 வீதம் வெட்டுறாங்க" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 36 வீதம் என்பது கடைசிப் படியில் நிற்கும் பணத்துக்கு மட்டும். "சம்பளம் கூடினா அடுத்த படிக்குப் போயிருவன், கையில வாறது குறைஞ்சிரும்" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இந்தக் கணக்கில் அது நடக்கவே நடக்காது. மேல் படிக்கு ஏறுவது கூடின ரூபாய் மட்டும்தான், கீழே இருக்கிற ரூபாய் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ஒருவருடைய சம்பளம் 2 இலட்சத்திலிருந்து 4 இலட்சத்துக்கு, 4 இலட்சத்திலிருந்து 8 இலட்சத்துக்குப் போகப் போக, மொத்தத்தில் வரியின் பங்கு ஏறிக்கொண்டே போகும். 2 இலட்சம் எடுப்பவருக்கு அது ஒன்றரை வீதம்தான். மாதம் 3,000 ரூபாய்.

விகிதசமத்துக்கு உதாரணம் வங்கி வட்டியில் கழிக்கும் வரி. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் கழிக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் வட்டிக்கும் நூறில் பத்து, பத்து இலட்சம் ரூபாய் வட்டிக்கும் நூறில் பத்து. இடையில் ஒரு தகவல்: வருட வருமானம் மொத்தமாக 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கிக்கு ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் இந்தப் பத்து வீதத்தைக் கழிக்கமாட்டார்கள். பென்சன் காசை நிலையான வைப்பில் போட்டிருக்கும் நம்முடைய வயதானவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? வீட்டில் உம்மா, வாப்பாவின் பெயரில் வைப்பு இருந்தால் வங்கியில் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

இனி வற் வரிக்கு வருவோம்.

"எங்கட சின்னக் கடையில வற் எடுக்கிறல்ல, சுப்பர் மார்க்கட்லதான் எடுக்கிறாங்க" என்று பலர் நினைக்கிறார்கள். பில்லில் எழுதாததால் வரும் நினைப்பு இது. ஒரு சவர்க்காரக் கட்டியின் பயணத்தைப் பாருங்கள். தொழிற்சாலை அதை 100 ரூபாய்க்கு மொத்த வியாபாரிக்கு விற்கிறது. 18 வீதம் சேர்த்து 118 ரூபாய். தொழிற்சாலை அந்த 18 ரூபாயை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டும். மொத்த வியாபாரி தன் இலாபம் 10 ரூபாயை வைத்து 110 ரூபாய் என்று விலை போடுகிறார். அதற்கு வற் 19 ரூபாய் 80 சதம். அவர் ஏற்கனவே 18 ரூபாய் கொடுத்துவிட்டதால் மிச்சம் 1 ரூபாய் 80 சதத்தை மட்டும் கட்டுவார். ஒவ்வொரு கையிலும் கூடின பெறுமதிக்கு மட்டும் வரி. அதனால்தான் பெறுமதி சேர் வரி என்று பெயர். நம்மூர்க் கடைக்காரர் அந்தக் கட்டியை 129 ரூபாய் 80 சதத்துக்கு வாங்கி 140 ரூபாய்க்கு விற்கிறார். அவருடைய வியாபாரம் சின்னது, வற் பதிவு கிடையாது. பில்லே இல்லை, அப்புறம் வரி எங்கே எழுதுவது? ஆனால் நீங்கள் கொடுத்த 140 ரூபாய்க்குள் 19 ரூபாய் 80 சதம் வரியாக ஒளிந்திருக்கிறது. நூறுக்குப் பதினான்கு ரூபாய்.

பதிவுள்ள பெரிய கடை என்றால் கடைசி இலாபத்துக்கும் வரி விழும். அங்கே வரி சேர்ந்த விலை 118 என்றால் அதில் 18 வரி. ஆகவே பில்லின் மொத்தத்தில் 18 வீதம் என்று கணக்குப் பார்க்கக் கூடாது. மொத்தத்தை 18 ஆல் பெருக்கி 118 ஆல் பிரிக்க வேண்டும். நூறுக்குப் பதினைந்தே கால் வரும். 590 ரூபாய் பில் என்றால் சரியாக 90 ரூபாய் வரி.

இந்த வரி 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. பிறகு 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. ஏறும்போது மறுநாளே கடையில் தெரிந்தது. 2019 இல் இறங்கியபோது சவர்க்காரத்தின் விலை அதே வேகத்தில் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் சொல்லுங்கள்.

இப்போது இரண்டு வீடுகள். இவை உண்மையான வீடுகள் இல்லை, கணக்குக்காக நான் கட்டிய வீடுகள். ஆனால் தொகைகளைப் பார்த்தால் உங்களுக்கு யாராவது ஞாபகம் வரலாம்.

முதல் வீட்டில் வாப்பா மேசன் வேலைக்குக் கூலியாகப் போகிறார். நாளுக்கு 2,500 ரூபாய், மாதம் 24 நாள் வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். 60,000 ரூபாய். ஐந்து பேர் சாப்பிட வேண்டும். அரிசி, பாண், மரக்கறி, மீனுக்கு 24,000. வாடகை 5,000. பஸ், மருந்து, கரண்ட் பில் எல்லாம் 6,000. இந்த 35,000 ரூபாயில் நேரடியாக வற் இல்லை. அரிசி, பாண், உள்ளூரில் விளைந்த மரக்கறி, மீன், மருந்து, பஸ் கட்டணம், வீட்டு வாடகை போன்றவை விலக்களிக்கப்பட்டவை. மிச்சம் 25,000 ரூபாய் கேஸ், சவர்க்காரம், சலவைத்தூள், பற்பசை, பிஸ்கட், போன் ரீலோட், பிள்ளைகளின் சப்பாத்து, பெருநாள் உடுப்பு என்று போகிறது. இவற்றில் வற் உண்டு. இவர் சின்னக் கடையில்தான் வாங்குகிறார் என்பதால் நூறுக்குப் பதினான்கு என்றே போடுவோம். ஏறத்தாழ 3,500 ரூபாய். 60,000 வருமானத்தில் அது கிட்டத்தட்ட 5.8 வீதம். மாதக் கடைசியில் மிச்சம் எதுவும் இல்லை.

இரண்டாவது வீட்டில் மாத வருமானம் 4 இலட்சம். இவர்கள் நன்றாகச் செலவழிக்கிறார்கள், மாதம் 1,80,000. அதில் 1,10,000 ரூபாய் வற் உள்ள சாமான்களுக்கும் சேவைகளுக்கும். எல்லாமே பதிவுள்ள பெரிய கடைகளில் வாங்குகிறார்கள் என்று வைத்து, நூறுக்குப் பதினைந்தே கால்படி முழுதாகக் கணக்குப் போட்டால் 16,780 ரூபாய். முதல் வீட்டைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. காக்கா சொன்னது சரிதான். ஆனால் 4 இலட்சத்தில் அது 4.2 வீதம்.

இத்தனைக்கும் நான் ஏழை வீட்டுக்குச் சாதகமாகத்தான் கணக்குப் போட்டேன். அரிசிக்கும் மீனுக்கும் வரி இல்லை என்று கழித்துவிட்டேன், சின்னக் கடை என்று வீதத்தைக் குறைத்தேன். அப்படியும் 5.8 இற்கு 4.2 என்று வருகிறது. ஒருவேளை வற் எல்லாச் சாமானுக்கும் ஒரேமாதிரி, அரிசி உட்பட, விழுந்திருந்தால் முதல் வீட்டின் பங்கு இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும்.

காரணம் எங்கே இருக்கிறது? ஏழை வீடு உழைத்ததை எல்லாம் கடையில் கொடுத்து முடிக்கிறது. அந்த வீட்டின் ஒவ்வொரு ரூபாயும் வரி நிற்கும் வாசலைத் தாண்டித்தான் போகிறது. வசதியான வீட்டில் 4 இலட்சத்தில் 2,20,000 ரூபாய் அந்த வாசலுக்கே வருவதில்லை. வங்கி வைப்புக்குப் போகிறது, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் போகிறது, வியாபாரத்தில் திரும்பவும் போடப்படுகிறது. வற் வரி செலவைப் பார்க்கிறது, வருமானத்தைப் பார்ப்பதில்லை. செலவில் வைத்துப் பார்த்தால் அது ஒரே வீதம். வருமானத்தில் வைத்துப் பார்த்தால் தேய்வீதம்.

சீனியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். இறக்குமதிச் சீனிக்கு வற் இல்லை, அதற்குப் பதிலாக விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்று ஒன்று இருக்கிறது. 2023 நவம்பரில் அதை ஒரு கிலோவுக்கு 25 சதத்திலிருந்து 50 ரூபாயாக உயர்த்தினார்கள். இது வீதம்கூட இல்லை, கிலோவுக்கு ஒரே தொகை. பணக்காரர் வீட்டில் கூடச் சீனி தின்பார்களா? டாக்டர் சொல்லிக் குறையத்தான் தின்பார்கள். இரண்டு வீட்டிலும் மாதம் 5 கிலோ என்று வையுங்கள். இரண்டு பேரும் 250 ரூபாய் கட்டுகிறார்கள். மேசன் வாப்பாவின் வருமானத்தில் அது ஆயிரத்துக்கு 4 ரூபாய் சொச்சம். மற்றவருக்கு ஆயிரத்துக்கு 60 சதம் சொச்சம். கேஸும் இப்படித்தான். 2024 ஜனவரியில் கேஸுக்கு 18 வீதம் விழுந்தபோது 12.5 கிலோ சிலிண்டர் 700 ரூபாய்க்குக் கிட்ட ஏறியது. பணம் ஏழு மடங்கு இருக்கிறதே என்று யாரும் ஏழு மடங்கு சோறு ஆக்குவதில்லை.

இதைச் சொன்னதும் காக்கா இன்னொரு கேள்வி போட்டார். "ஸகாத்தும் எல்லாருக்கும் ஒரே இரண்டரை வீதம்தானே சேர்?"

நல்ல கேள்வி. வீதம் ஒன்றுதான். ஆனால் எதில் எடுக்கிறோம் என்று பாருங்கள். நிஸாப் அளவுக்கு மேல், ஒரு வருடம் கையில் தங்கிய செல்வத்தில் எடுக்கிறோம். மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சாத மேசன் வீட்டுக்கு அந்தக் கணக்கே இல்லை, அவர் எடுத்துக்கொள்கிற பக்கத்தில் நிற்கிறவர். வற் வரி தொடாமல் விடுகிற அந்த 2,20,000 ரூபாயைத்தான் ஸகாத் தேடிப் போகிறது. வீதம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

பொருளியலில் இதற்கு எதிர்வாதங்களும் உண்டு. அவற்றையும் சொல்லாவிட்டால் என் மாணவர்களே என்னைப் பிடிப்பார்கள். மிச்சம் பிடித்த பணமும் ஒருநாள் செலவாகும், அப்போது வரி விழும், ஆகவே ஒரு வருடத்தை அல்ல, முழு வாழ்நாளையும் பார்க்க வேண்டும் என்பார்கள் சிலர். ஓரளவுக்கு உண்மை. மேலே சொன்ன இடைவெளி வாழ்நாளில் பார்த்தால் சுருங்கும். ஆனால் பல வீடுகளில் மிச்சம் பிடித்தது செலவாகாமல் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகிறது. மேசன் வாப்பாவுக்கோ இந்த மாத வரி இந்த மாதமே போகிறது.

விலக்களிப்பு என்பதும் நாம் நினைக்கிற அளவு சுத்தமானது இல்லை. பாணுக்கு வற் இல்லை. ஆனால் பேக்கரிக்காரர் வாங்கும் கேஸுக்கும் பொலித்தீன் பைக்கும் வற் உண்டு. விற்கும் பாணுக்கு வரி இல்லாததால், வாங்கும்போது கொடுத்த வரியை அவரால் திரும்ப எடுக்க முடியாது. சவர்க்கார மொத்த வியாபாரி 18 ரூபாயைக் கழித்துக்கொண்டது போல இவருக்கு முடியாது. அதனால் அந்த வரி பாணின் விலைக்குள் கரைந்துவிடுகிறது. பஸ்ஸும் அதே கதைதான். டிக்கட்டுக்கு வரி இல்லை, டீசலுக்கும் டயருக்கும் உண்டு. அதோடு, விலக்களிப்பில் பணக்காரர் வீடும் சேர்ந்தே இலாபம் எடுக்கிறது. மீனுக்கு வரி இல்லை என்றால் 200 ரூபாய்ச் சாளைக்கும் இல்லை, பெரிய அறுக்குளா மீனுக்கும் இல்லை.

அதனால்தான் சிலர், விலக்களிப்பைக் குறைத்துவிட்டு அந்தப் பணத்தை ஏழைகளின் கையில் நேராகக் கொடு என்கிறார்கள். 2023 இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும அந்த வழியில் வந்ததுதான். 2025 ஜனவரியிலிருந்து வறியவர் என்று பதியப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறியவருக்கு 17,500. நம் மேசன் வீட்டுக்கு 10,000 கிடைத்தால், வற் வரியாகப் போகும் 3,500 திரும்பி வந்து மேலும் மிஞ்சும். கிடைத்தால். கணக்கெடுக்க வரும்போது வீட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் சீமெந்துச் சுவரும் இருந்ததற்காகப் பட்டியலில் விழாமல் போன குடும்பங்களை நம்மூரிலேயே தெரியும். அவர்களுக்கு உதவியும் இல்லை. வருமான வரியில் ஒன்றரை இலட்சம் வரை இல்லை என்ற சலுகையால் எந்தப் பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் அவர்கள் அந்தப் பக்கமே போனதில்லை. 2022 இலிருந்து ஏறிய பத்து வீதத்தை முழுசாகத் தாங்கியது இந்த நடுவில் நிற்கும் வீடுகள்தான் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் அரசாங்கம் ஏன் இந்த வரியையே பிடித்துக்கொண்டிருக்கிறது? வாங்குவது லேசு என்பதால். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வருமானம் கேட்பதைவிடத் துறைமுகத்திலும் தொழிற்சாலை வாசலிலும் பெரிய மொத்த வியாபாரியிடமும் எடுப்பது லேசு. சங்கிலியில் ஒவ்வொருவரும் தான் கொடுத்த வரியைக் கழிப்பதற்கு முன்னவரின் பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும், ஆகவே அதுவே ஒரு காவல். 2022 இல் கஜானா காலியாக இருந்தபோது வேகமாகக் காசு சேர்க்க வேறு வழி அதிகம் இருக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தேய்வீத வரி இருப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் வளர்வீத வரி ஒன்று சரியாக நடந்தால், இரண்டையும் கூட்டிப் பார்க்கும்போது நியாயமாக வரலாம்.

அந்தக் கூட்டலையும் போட்டுப் பாருங்கள். இரண்டாவது வீட்டுக்காரர் சம்பளம் எடுப்பவர் என்றால், வருமான வரி 50,000, வற் 16,780. இரண்டும் 66,780 ரூபாய். வருமானத்தில் 16.7 வீதம். மேசன் வீட்டின் 5.8 வீதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அவர் தன் பங்கை மட்டுமல்ல, அதற்கு மேலும் சுமக்கிறார். அவருடைய சம்பளத்தில் கை வைப்பது நிறுவனம், அவர் விரும்பினாலும் ஒளிக்க முடியாது.

அதே 4 இலட்சத்தை வியாபாரத்தில் எடுத்து, வருமான வரிக் கோப்பே திறக்காமல் இருக்கும் ஒருவரை இப்போது நினையுங்கள். அவருக்கு விழுவது வற் மட்டும். 4.2 வீதம். கூலிக்குப் போகும் மேசன் 5.8 வீதம் கொடுக்கிறார், அவரை வைத்து மூன்று மாடி கட்டுகிறவர் 4.2 வீதம் கொடுக்கிறார். இதில் வற் வரிச் சட்டத்தின் பிழை பாதிதான். மீதிப் பாதி அந்தத் திறக்காத கோப்பில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது காக்கா கொஞ்ச நேரம் கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டு நின்றார். யாரையும் குத்திச் சொல்லவில்லை என்று நானே சொன்னேன். "தெரியும் சேர்" என்றார். பிறகு தன்னுடைய வற் பதிவைப் பற்றிக் கேட்டார். 2024 ஜனவரியில் பதிவுக்கான விற்பனை எல்லையை வருடத்துக்கு 80 மில்லியனிலிருந்து 60 மில்லியனாக இறக்கினார்கள். அது இலாபம் இல்லை, மொத்த விற்பனை. ஹாட்வெயார், புடவைக்கடை நடத்துகிறவர்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் அதைத் தொட்டுவிடுவார்கள். தொட்டிருந்தால் நல்ல கணக்காளர் ஒருவரிடம் போகச் சொன்னேன்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. பதிவில்லாத கடை பில்லில் வற் என்று தனியாகப் போட்டுக் காசு எடுக்க முடியாது. அப்படி எடுத்தால் அது அரசுக்குப் போகாது, அவருடைய இலாச்சிக்குத்தான் போகும். பில்லில் வற் என்று ஒரு வரி இருந்தால் மேலே பதிவு இலக்கத்தைத் தேடுங்கள். ஒன்பது இலக்கங்கள், அதற்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு 7000 என்று முடியும். அது இல்லாவிட்டால் கடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கையும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். வற் உள்ள சாமான் எவ்வளவு, இல்லாதது எவ்வளவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்தால் போதும். என்ன வீதம் வருகிறது என்று கீழே போடுங்கள். வருமானத்தைச் சொல்ல வேண்டாம், வீதத்தை மட்டும் போடுங்கள்.